பொங்கலையா, புளிக்கலையா? இட்லி மாவு கேள்வி-பதில்

ஓசூரிலிருந்து: மார்கழிக் குளிரில் மாவு ஆட்டி 14 மணி நேரம் ஆகியும் பொங்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா இன்னும் ஒரு நாள் வெளியிலேயே விடச் சொல்கிறார். விடலாமா?

பொங்கவில்லை என்கிறீர்கள், புளித்ததா என்று எழுதவில்லையே! பார்க்க வேண்டியது அதுதான். மாவை முகர்ந்து பாருங்கள், ஒரு கரண்டி தோசை வார்த்துச் சாப்பிட்டும் பாருங்கள். மோர் வாசமும் புளிப்பும் இருந்து மாவு மட்டும் எழும்பவில்லை என்றால் குறை உளுந்தில். பழைய உளுந்தில் வழுவழுப்பு குறைந்துவிடும். நுண்ணுயிர்கள் வாயுவை உண்டாக்கினாலும் அதைப் பிடித்து வைக்க மாவுக்குத் தெம்பிருக்காது. அந்த மாவு பத்திரமானது, தோசைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை, ஆட்டிய உளுந்து மாவில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விடுங்கள். மிதந்தால் சரி, மூழ்கினால் இன்னும் ஆட்ட வேண்டும், இல்லாவிட்டால் உளுந்தையே மாற்ற வேண்டும்.

புளிப்பும் இல்லை, பொங்கவும் இல்லை என்றால் குளிர்தான் காரணம். உளுந்தோடு வரும் லாக்டிக் பாக்டீரியாக்களுக்கு 28 முதல் 32 டிகிரி வரை பிடிக்கும். ஓசூர், தளிப் பக்கம் ஜனவரி இரவில் சமையலறை 18 டிகிரிக்குக் கீழே போனால் அவை மந்தமாகிவிடும். புளிப்பு வரத் தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் வேண்டாத கிருமிகளுக்குக் கிடைக்கும் அவகாசம். மாவைக் காப்பதே அந்தப் புளிப்புதான். பி.எச். தாள் வைத்திருப்பவர்கள் 4.5 அல்லது அதற்குக் கீழே வந்ததா என்று பார்க்கலாம்.

ஆகவே சும்மா விட்டு வைக்காதீர்கள். ஒரு கிலோ அரிசி, கால் கிலோ உளுந்து, ஒரு டீஸ்பூன் வெந்தயம் என்று வைத்துக்கொள்வோம். அரிசியை வெதுவெதுப்பான நீர் விட்டு ஆட்டுங்கள். முந்தைய நல்ல மாவிலிருந்து ஒரு கரண்டி கலந்தால் புளிப்பு சீக்கிரம் தொடங்கும். பாத்திரத்தில் பாதிதான் நிரப்ப வேண்டும். மாவு நிற்கும் மட்டத்தில் வெளியே ஒரு ரப்பர் பேண்ட் மாட்டுங்கள். பிறகு கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் ஊற்றிய அண்டாவுக்குள் இறக்கி, மேலே சாக்கைப் போர்த்தி, ஆறினால் நீரை மாற்றுங்கள். இப்படி வைத்தால் 12 முதல் 16 மணி நேரத்தில் ரப்பர் பேண்டைத் தாண்டி ஒன்றரை மடங்காவது எழும்பும். இதையும் செய்து, ஆட்டி 24 மணி நேரம் ஆகியும் புளிப்பு வாசமோ குமிழோ இல்லையென்றால் கொட்டிவிடுங்கள். புளித்த மாவைப் பார்த்துப் பயப்படுகிறோம், புளிக்காமல் கிடந்த மாவை நம்புகிறோம். பயம் இடம் மாறியிருக்க வேண்டும்.

ஆட்டிய நேரத்தை மூடியில் எழுதி ஒட்டுங்கள்.

தருமபுரியிலிருந்து: மே மாதம் மாலை 6 மணிக்கு ஆட்டினால் விடியுமுன் வழிந்து கிடக்கிறது.

இரவு 10 மணிக்கு ஆட்டுங்கள், ஃபிரிட்ஜ் தண்ணீர் விட்டு ஆட்டுங்கள். கிரைண்டர் சூடே மாவை முடுக்கிவிடும். அந்த வெயிலுக்கு 6 முதல் 8 மணி நேரம் போதும். காலையில் எழுந்ததும் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

பாலக்கோட்டிலிருந்து: கையால் கலந்தால்தான் புளிக்குமா?

இல்லை. புளிக்க வைக்கும் உயிர்கள் உளுந்திலேயே இருக்கின்றன. கரண்டி போதும். கையில் வெட்டுக்காயமோ புண்ணோ இருப்பவர் மாவில் கை வைக்கவே கூடாது. அங்கிருந்து வரும் ஸ்டெபிலோகாக்கஸ் கிருமி மாவில் பெருகி நஞ்சை உண்டாக்கிவிட்டால், இட்லிப் பானையின் சூட்டில் கிருமி சாகும், நஞ்சு அப்படியே இருக்கும்.

கிருஷ்ணகிரியிலிருந்து: கடை மாவு பாக்கெட்டில் 'புரோபயாட்டிக்' என்று போட்டிருக்கிறது. மகன் ஆன்டிபயாட்டிக் மாத்திரை சாப்பிட்டு வயிறு கெட்டிருக்கிறது. தயிருக்குப் பதில் தினமும் இட்லி கொடுக்கிறேன். பச்சை மாவையும் ஒரு ஸ்பூன் கொடுக்கலாம் என்கிறார்கள். சரியா?

இந்த ஒரு வார்த்தை பாக்கெட்டிலிருந்து இறங்க வேண்டும். புரோபயாட்டிக் என்றால், சாப்பிடும் நேரத்தில் உயிரோடு இருக்கிற, பலன் சோதித்து அறியப்பட்ட நுண்ணுயிர். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதியில், ஒரு நாள் பரிந்துரை அளவுக்குள் இப்படிச் சேர்த்த உயிர்கள் 10 கோடியாவது இருக்க வேண்டும். மாவில் லாக்டிக் பாக்டீரியா கோடிக்கணக்கில் இருப்பது உண்மைதான். அந்த மாவு தட்டில் ஏறி ஆவியில் 10, 12 நிமிடம் வேகிறது. நடுப்பகுதி வரை 90 டிகிரியைத் தாண்டுகிறது. 65, 70 டிகிரியிலேயே சில நிமிடங்களில் சாகும் உயிர்கள் அவை. தோசைக்கல்லில் கேட்கவே வேண்டாம். தட்டில் வந்து விழும் இட்லியில் அவை உயிரோடு இருப்பதில்லை.

அப்படியானால் புளிக்க வைத்ததில் பயன் இல்லையா? நிறைய உண்டு. இரும்பு, துத்தநாகச் சத்துகளை உடல் ஏற்காமல் பிடித்து வைக்கும் ஃபைட்டிக் அமிலம் குறைகிறது, சில பி வைட்டமின்கள் கூடுகின்றன, உளுந்தின் புரதம் எளிதில் செரிக்கிறது. வயிறு கெட்ட பிள்ளைக்கு இட்லி நல்ல உணவு, கொடுங்கள். அதற்காகத் தயிரை நிறுத்தாதீர்கள். உயிருள்ள பாக்டீரியா தயிரிலும், கொதிக்க வைக்காத மோரிலும், பழைய சோற்று நீரிலும் இருக்கிறது. கேழ்வரகுக் கூழும் காய்ச்சும்போது உயிரை இழந்துவிடும், ஆறிய பின் மோர் ஊற்றிக் கரைத்தால் மோரிலிருப்பது வந்து சேரும். இவற்றையும் மருந்துக் கணக்கில் வைக்க வேண்டாம். இரண்டு நாளில் வயிற்றுப்போக்கு நிற்காவிட்டாலோ, பிள்ளை சோர்ந்து போனாலோ, சிறுநீர் குறைந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

பச்சை மாவு வேண்டவே வேண்டாம். வேகாத உளுந்தில் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்கள் இருக்கின்றன. அதோடு மாவில் வளர்வது யார் தேர்ந்தெடுத்த வகையும் இல்லை, தானாக வந்தது. நோயிலிருந்து தேறும் பிள்ளையிடம் அதைச் சோதிக்கக் கூடாது.

ஊத்தங்கரையிலிருந்து: மாவு கெட்டுப்போச்சா?

என்ன நிறம், என்ன வாசம், எத்தனை நாள் என்று ஒன்றுமே எழுதாமல் கேட்டால் எப்படிச் சொல்வது? பொதுவாகச் சொல்கிறேன். மேலே மஞ்சள் தண்ணீர் பிரிந்தால் கலக்கிக்கொள்ளலாம். காற்றுப்பட்டு மேற்பரப்பு லேசாகக் கறுத்துக் காய்ந்திருந்தால் அந்த ஏட்டை எடுத்துவிடலாம். இளஞ்சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, கறுப்பு என்று புள்ளியோ பஞ்சு போன்ற பூசணமோ தெரிந்தால் மொத்த மாவையும் கொட்டுங்கள். கண்ணுக்குத் தெரிவது மேல்பகுதிதான், இழை கீழே இறங்கியிருக்கும். அழுகல் நாற்றம் அடித்தாலும், கரண்டியைத் தூக்கும்போது மாவு சளி மாதிரி நூல் விட்டாலும் அப்படியே. ஃபிரிட்ஜில் 3, 4 நாளுக்கு மேல் வைக்காதீர்கள். நாள் எண்ணத் தெரியாமல் போவதால்தான் மூடியில் எழுதச் சொல்கிறேன்.

காவேரிப்பட்டணத்திலிருந்து: டிபன் கடை வைத்திருக்கிறேன். ஐந்து நாள் மாவில் ஆப்ப சோடா போட்டால் புளிப்பு போய்விடுகிறது, இது சரியா?

சரியில்லை. சோடா புளிப்பை நடுநிலையாக்குகிறது, கெட்டதை நல்லதாக்குவதில்லை. மாவைக் காத்து நின்ற அமிலத்தையே எடுத்துவிட்டு, அதே மாவைக் கடைச் சூட்டில் மதியம் வரை வெளியே வைத்தால், கொதிநிலையிலும் சாகாத வித்துகளை உடைய பேசிலஸ் வகைக் கிருமிகளுக்கு வழி திறந்துவிடுகிறீர்கள். புளித்துப் போனது மட்டும்தான் குறை, மாவு மூன்று நாளுக்கு உட்பட்டது என்றால், புதிதாக ஆட்டிய அரிசி மாவைச் சமபங்கு கலந்து அன்றைக்கே ஊத்தப்பமாக வார்த்து முடியுங்கள். ஐந்து நாள் மாவைக் கொட்டிவிடுங்கள்.

அரூரிலிருந்து: உப்பு முன்னாலா, பின்னாலா?

வெயில் காலத்தில் கரைக்கும்போதே போடுங்கள், புளிப்பு கொஞ்சம் நிதானிக்கும். குளிரில் பொங்கிய பிறகு போடுங்கள். ஒரு கிலோ அரிசி போட்டு ஆட்டிய மாவுக்குக் கல்லுப்பு சுமார் 30 கிராம்.