லோகோவைச் சுற்றி வெள்ளைக் கட்டம்

முறுக்கு, தட்டை செய்து விற்கிறேன். லோகோவுக்கு 2,500 ரூபாய் கொடுத்தேன். மஞ்சள் கவரில் அச்சடித்தால் அதைச் சுற்றி வெள்ளைக் கட்டம் வருகிறது. அச்சகத்தின் தவறு என்கிறார் டிசைனர்.

அச்சகத்தின் மேல் தவறில்லை. கோப்பின் பெயர் .jpg என்று முடிகிறதா, பாருங்கள். முடிந்தால் அது ஜேபெக் படம். பின்னணியை நீக்கி வெட்டியெடுத்த படத்தை ஜேபெக்காகக் கொடுத்துவிட்டு முழுப் பணம் வாங்குவதைப் பல வருடமாகப் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் கோபம் வருகிறது.

ஜேபெக், ஒரு புள்ளியின் நிறத்தை மட்டும்தான் எழுதி வைக்கும். பிஎன்ஜி என்ற இன்னொரு பட வகையில் சிவப்பு, பச்சை, நீலத்துக்கான எண்களோடு நான்காவதாக ஓர் எண்ணும் இருக்கலாம். அது 0 என்றால் அந்தப் புள்ளி கண்ணுக்கே தெரியாது. 255 என்றால் பின்னால் இருப்பதை முழுதாக மறைக்கும். ஜேபெக்காகச் சேமிக்கும்போது இந்த எண்ணை வைக்க இடமில்லை. அதனால் மென்பொருள் படத்தை ஒரு நிறத்தின் மேல், பெரும்பாலும் வெள்ளையின் மேல், ஒட்டிவிடுகிறது.

வெள்ளையை அப்புறம் அழித்துக்கொள்ளலாம் என்பார் டிசைனர். நம்பாதீர்கள். எழுத்தின் வளைவு வழவழப்பாகத் தெரிய, விளிம்புப் புள்ளிகள் பாதி மட்டும் மறைப்பவையாக இருக்கும். உங்கள் எழுத்தின் சிவப்பு 200, 0, 0 என்று வைத்துக்கொள்வோம். விளிம்பில் நான்காவது எண் 128 என்றால், வெள்ளையோடு கலந்து அது 227, 127, 127 ஆகிவிடும். அதாவது வெளிறிய ரோஜா நிறம். வெள்ளையை அழித்தாலும் அந்த ரோஜாக் கோடு மஞ்சள் கவரில் தெரியும். போதாததற்கு, ஜேபெக் படத்தை 8-க்கு 8 புள்ளிக் கட்டங்களாகச் சுருக்குவதால் எழுத்தோரத்து வெள்ளையிலும் அழுக்குப் புள்ளிகள் விழும்.

டிசைனரிடம் அவர் வேலை செய்த மூலக் கோப்பு இருக்கும். அதிலிருந்து பின்னணி இல்லாத டிரான்ஸ்பரன்ட் பிஎன்ஜி எடுத்துத் தரச் சொல்லுங்கள். கூடுதல் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

.jpg என்பதை .png என்று மாற்றினேன். வெள்ளை போகவில்லையே?

போகாது. பெயர்தான் மாறியது.

பின்னணி இல்லாத பிஎன்ஜி என்று 100 பூப் படங்கள் வாங்கினேன். சாம்பல், வெள்ளைச் சதுரங்களும் சேர்ந்தே அச்சாகின்றன.

உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். டிரான்ஸ்பரன்ட் இடத்தைக் காட்ட எடிட்டிங் மென்பொருள் போடும் சதுரங்கள் அவை; இங்கே படத்திலேயே பதிந்திருக்கின்றன. வீட்டு விசேஷ அழைப்பிதழுக்கு நானும் 600 ரூபாய்க்கு இப்படி ஒரு தொகுப்பு வாங்கினேன், பணம் திரும்பவில்லை. அதிலிருந்து, ஒரு மாதிரிப் படத்தைக் கறுப்புப் பின்னணியில் வைத்துப் பார்க்காமல் வாங்குவதில்லை. விற்பனைப் பக்கத்தை இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

டிசைனர் நல்ல பிஎன்ஜிதான் கொடுத்தார். வாட்ஸ்அப்பில் அச்சகத்துக்கு அனுப்பினேன், வெள்ளை வந்துவிட்டது.

போட்டோவாக அனுப்பினால் அது ஜேபெக்காக மாறிவிடும். டாக்குமென்ட் என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். மொத்தமாக அடிக்கும் முன் ஒரே ஒரு பிரதி அடித்துப் பார்த்திருக்கலாமே?