ஒய்-யில் மாட்டிக்கொண்டால்

வணக்கம் சார்,

எங்கள் வீட்டில் கரண்ட் போனால் ஆங்கிலச் சொல் விளையாட்டுதான். ஒருவர் சொன்ன சொல்லின் கடைசி எழுத்தில் அடுத்தவர் தொடங்க வேண்டும், ஒருமுறை வந்த சொல் மறுபடி வரக்கூடாது. எட்டாவது படிக்கும் என் மகள் ஒய்-யில் முடிகிற சொல்லாகவே பார்த்துப் பார்த்துச் சொல்கிறாள். நான் ஆங்கிலத்தில் எம்.ஏ. படித்தவள். அவளைவிடப் பல மடங்கு சொற்கள் தெரிந்தும் தோற்கிறேன். இதற்கு மாற்று உண்டா?

செ., திண்டுக்கல்

அன்புள்ள செ.,

உங்கள் மகளுக்கு ஆட்டம் புரிந்துவிட்டது. எந்த எழுத்தில் சொற்கள் குறைவாகத் தொடங்குகின்றன என்று பார்த்தால் மட்டும் போதாது, அந்த எழுத்தில் முடியும் சொற்கள் ஏராளமாக இருக்கவும் வேண்டும். எக்ஸ்-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதில் தொடங்கும் சொற்கள் ஒய்-யைவிடக் குறைவு. ஆனால் பாக்ஸ், ஃபாக்ஸ், டாக்ஸ், மிக்ஸ் என்று அதைக் கொடுக்கும் சொற்களும் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஒய் அப்படியல்ல. எந்த எழுத்தில் நின்றாலும் ஒய்-க்குப் போக ஒரு சொல் கிடைக்கும்: ஆர்மி, பேபி, சிட்டி, டெய்லி, எனிமி, ஃபேமிலி. நீங்கள் 'யெல்லோ' என்றால் அவள் 'வொரி' என்பாள். 'யார்ட்' என்றால் 'டர்ட்டி'. ஒவ்வொரு சுற்றிலும் செலவாவது உங்கள் ஒய் சொல் ஒன்று. அவளுக்கோ இருபத்துச் சொச்சம் எழுத்துகளில் எங்கோ ஒரு சொல். உங்கள் எம்.ஏ. சொற்களில் பெரும்பாலானவை உதவாததற்கு இதுதான் காரணம். பி, சி, எஸ் என்று தொடங்கும் ஆயிரம் சொற்கள் கையிலிருந்து என்ன பயன்? அந்த எழுத்துகளை அவள் உங்களுக்குக் கொடுப்பதே இல்லையே.

ஒவ்வொரு சொல்லையும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துக்குப் போகும் ஒருவழிப் பாதையாக வைத்துக்கொண்டால் இது தெளிவாகும். ஒருமுறை போன பாதை அடைபட்டுவிடும். கணினியியலில் இதைப் போன்ற ஆட்டத்துக்கு, ஊர்ப்பெயர் விளையாட்டை வைத்து, ஜியாகரபி என்றே பெயர். பாதைகள் எப்படி வேண்டுமானாலும் அமையலாம் என்ற பொது வடிவில், வெல்லப்போவது யார் என்று கண்டுபிடிப்பது மிகக் கடினமான கணக்குகளின் வகையைச் சேர்ந்தது என்று 1978-இல் தாமஸ் ஷேஃபர் நிறுவினார். நல்லவேளையாக நமக்கு மொத்த வரைபடமும் தேவையில்லை. ஒய்-யைச் சுற்றியுள்ள சில பாதைகள் போதும்.

முதலில் ஒய்-யில் தொடங்கி ஒய்-யிலேயே முடிகிறவை. யெஸ்டர்டே, யம்மி, யியர்லி, யக்கி. இவற்றில் ஒன்றைச் சொன்னால் சுமை அப்படியே அவள் தலைக்குப் போகும். அவளும் அதே வகையில் ஒன்றைச் சொன்னால் உங்களிடமே திரும்பும். இந்த நான்கும் இருவருக்கும் தெரிந்திருந்தால் நீங்கள், அவள், நீங்கள், அவள் என்று தீர்ந்து, பழைய இடத்தில் நீங்களே நிற்பீர்கள். ஐந்தாவது ஒன்று தெரிந்திருந்தால் மாட்டிக்கொள்வது அவள். ஆகவே மிச்சம் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பதே கேள்வி. ஈஸ்ட் கலந்த, நுரைத்த என்ற பொருளில் 'ஈஸ்டி' என்றொரு சொல் உண்டு. காதுக்கு ஈ போலக் கேட்டாலும் எழுதும்போது ஒய்-யில்தான் தொடங்கும். அதைக் கடைசிவரை வெளியே விடாதீர்கள்.

அடுத்தது கே. இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல நினைக்கிறேன். ஒய்-யிலிருந்து வெளியேறும்போது எந்த எழுத்தில் இறங்குகிறோம் என்பதை நாம் யோசிப்பதில்லை. எஸ், டி, ஆர் ஆகியவற்றில் இறங்கினால் ஒய்-க்குத் திரும்ப அவளுக்கு டஜன் கணக்கில் வழிகள். கே-யில் இறங்கினால் சாதாரணமாக நினைவுக்கு வருபவை கீ, கிட்னி, கைண்ட்லி, கிட்டி, அவ்வளவுதான். அங்கே இறங்க உங்களுக்கு யாக் (மலைமாடு), யோக் (முட்டையின் மஞ்சள் கரு), யாங்க் (வெடுக்கென்று இழுப்பது) ஆகிய மூன்றும் இருக்கின்றன. கே-யிலிருந்து ஒய்-க்குப் போகும் சொற்களைவிட ஒய்-யிலிருந்து கே-க்குப் போகும் சொற்கள் ஒன்றாவது கூடுதலாக மிஞ்சியிருந்தால் உங்களுக்குப் பிடி கிடைத்துவிடும். அதனால் ஒய் தாக்குதல் தொடங்கும் முன்பே, ஆட்டத்தின் தொடக்கத்தில், புக், மில்க், பிரேக் என்று கே-யில் முடிகிற சொற்களை அவளுக்குக் கொடுங்கள். அவசரத்தில் கீ-யையும் கிட்னியையும் செலவழிப்பாள்.

ஆட்டம் முடியும் தறுவாயை ஒரு கணக்காகப் போட்டுப் பார்ப்போம். இருவருக்கும் தெரிந்த ஒய் சொற்களில் யாக், யோக், யெஸ் மட்டும் மிச்சம். கே-யிலிருந்து ஒய்-க்குப் போவதில் கீ மட்டும் மிச்சம். கிக், கயாக் போல கே-யில் தொடங்கி கே-யில் முடிபவை எல்லாம் தீர்ந்துவிட்டன. அவள் 'ஹனி' என்கிறாள். நீங்கள் 'யாக்'. அவள் 'கீ'. நீங்கள் 'யோக்'. இப்போது அவளுக்கு கே-யிலிருந்து ஒய்-க்கு வழியில்லை, 'கைட்' என்று ஈ-யைக் கொடுக்கிறாள். நீங்கள் 'எனிமி'. முதல்முறையாக ஒய் அவளிடம். 'யெஸ்' என்கிறாள், நீங்கள் 'ஸ்கை' என்கிறீர்கள். ஒய்-யில் இனி எதுவும் இல்லை. இதே இடத்தில் யோக் முன்பே செலவாகியிருந்தால் என்ன ஆகும்? யாக், கீ, யெஸ், ஸ்கை என்று நான்கே சொற்களில் நீங்கள் தோற்றிருப்பீர்கள்.

கே-யில் இன்னொரு வசதியும் உண்டு. நீ (முழங்கால்), நைஃப், நாட் (முடிச்சு), நாக் (கதவைத் தட்டுவது) எல்லாம் கே-யில் தொடங்குபவை. அந்த கே ஒலிப்பதில்லை என்பதால் அவசரத்தில் நினைவுக்கு வருவதில்லை. உங்களிடம் கே வந்தால் முதலில் இவற்றை நினையுங்கள்.

ஒன்றைத் தொடங்கும் முன்பே பேசி முடிவுசெய்யுங்கள். வினைச்சொற்களின் எல்லா வடிவங்களும் செல்லுமா? செல்லும் என்றால் யெல் என்ற ஒரு சொல் யெல்ஸ், யெல்டு, யெல்லிங் என்று நான்காகிறது. யான், யீல்டு எல்லாம் அப்படியே பெருகும். ஒய் பஞ்சம் பாதி தீர்ந்துவிடும், தற்காக்கும் உங்களுக்கு அது லாபம். மகள் ஒப்புக்கொள்ளமாட்டாள் என்று நினைக்கிறேன். அப்படியானால் ஸ்லோலி, சேட்லி, குயிக்லி என்று லி சேர்த்து நீட்டும் சொற்களும் கூடாது என்று கேளுங்கள். நியாயமான பேரம்தான்.

எக்ஸ் பற்றியும் முன்னதாகவே பேசிக்கொள்ளுங்கள். நம் ஊரில் தெருவுக்குத் தெரு பலகையில் இருக்கும் ஜெராக்ஸ், எக்ஸ்-இல் தொடங்கி எக்ஸ்-இலேயே முடிகிற அபூர்வமான சொல். வணிகப் பெயர் என்று ஒருவர் மறுக்கலாம், அகராதியில் இருக்கிறது என்று இன்னொருவர் வாதாடலாம். எக்ஸ்ரே நடுவில் கோடு போட்டு எழுதப்படுவது, அது ஒய்-யில் வேறு முடிகிறது. இரண்டும் செல்லும் என்றால் 'பாக்ஸ்' என்று நீங்கள் தொடங்கும்போது எக்ஸ்-ஓ ஒய்-யோ உடனே உங்களிடம் திரும்பி வரும். அவை தீரும்வரை எக்ஸ்-ஐத் தொடவேண்டாம். தீர்ந்தபிறகு சைலோபோன், சைலம், செனான் ஆகியவை வந்துவிட்டனவா என்று விரல்விட்டு எண்ணுங்கள். சைலமும் செனானும் இன்னும் அவள் பாடத்தில் வந்திருக்காவிட்டால் உங்களுக்கு வேலை சுலபம்.