ஓராக் எனும் ஆக்சிஜனேற்றத் தடுப்புத் திறன் எண்ணைப் பார்த்து மாத்திரை வாங்கலாமா?

"அப்பா பழமே சாப்பிட மாட்டார், சிகரெட்டும் விடவில்லை. ஓராக் அதிகம் என்று போட்ட பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுத்தால் போதுமா?"

வேண்டாங்க, புகைப்பவருக்கு அது கூடவே கூடாது. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களுக்குத் தினமும் 20 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தபோது நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, 18 சதவீதம் கூடியது (1994). கேரட், பப்பாளியில் அதே பொருள் மற்ற சத்துகளோடு கொஞ்சமாக வருவதால் அந்தப் பயம் இல்லை.

ஓராக் சோதனைக்குழாயில் எடுத்த அளவு, குடல் எவ்வளவு உறிஞ்சும், கல்லீரல் அதை என்னவாக மாற்றும் என்று சொல்லாது. 100 கிராமுக்குக் கணக்கிடுவதால் கிராம்புத்தூள் உச்சிக்கு அருகில் நிற்கும், அவ்வளவு யார் தின்பார்? அமெரிக்க வேளாண் துறையே 2012-இல் தன் ஓராக் பட்டியலை எடுத்துவிட்டது. சரி, பழம் பிடிக்காவிட்டால் தேக்கா சந்தையில் கேரட், முருங்கைக்கீரை வாங்கிச் சாம்பாரில் போடுங்கள்.