பால் கணக்கு ஆப்: 45 ஆயிரமா, 5 லட்சமா?

கேள்வி: பொள்ளாச்சியில் 300 வீடுகளுக்குத் தினமும் காலையில் பால் போடுகிறேன். "நாளைக்குப் பால் வேண்டாம்" என்று வாடிக்கையாளர்கள் தாங்களே குறிக்கவும், மாதக் கணக்கைப் பார்க்கவும், பணம் கட்டவும் ஓர் ஆப் வேண்டும். தனியாக வேலை எடுத்துச் செய்யும் மூன்று டெவலப்பர்களிடம் விலை கேட்டேன். ஒருவர் 45 ஆயிரம், மூன்று வாரம் என்கிறார். இன்னொருவர் 2 லட்சம், மூன்று மாதம். மூன்றாமவர் 5 லட்சம், ஆறு மாதம். யாரை நம்புவது?

பதில்: மூவருமே உண்மையைச் சொல்லியிருக்கலாம். நீங்கள் நான்கு வரியில் சொன்னதைக் கேட்டு, ஆளுக்கொரு ஆப்பை மனத்தில் கட்டி அதற்கு விலை போட்டிருக்கிறார்கள். ஆகவே யாருக்கும் பதில் சொல்வதற்கு முன்னால், எந்த ஆப் என்பதை நீங்கள் எழுதிவிட வேண்டும்.

"நாளைக்குப் பால் வேண்டாம்" என்ற பொத்தானையே எடுத்துக்கொள்வோம். திரையில் அதை வைக்க அரை நாள் போதும். ஆனால் இரவு எத்தனை மணி வரை அதை அழுத்தலாம்? ஒன்பது மணிக்கு நீங்கள் பாக்கெட் எண்ணிக்கையைச் சொல்லிவிடுகிறீர்கள் என்றால், ஒன்பதரைக்கு அழுத்தியவருக்கு என்ன பதில் காட்ட வேண்டும்? ஊருக்குப் போகிறவர் பத்து நாளைக்குச் சேர்த்து நிறுத்த முடியுமா? ஒரு லிட்டரை அரை லிட்டராகக் குறைக்கலாமா? மாதத்தின் நடுவில் பால் விலை ஏறினால் முதல் பாதிக்குப் பழைய விலையில்தானே கணக்கு வர வேண்டும்? காலை ஐந்து மணிக்குப் பால் போடுபவர் நிற்கும் இடத்தில் சிக்னல் இல்லாவிட்டால், அவர் குறித்தது போனிலேயே தங்கியிருந்து பிறகு போய்ச் சேருமா? ஒவ்வொரு கேள்வியும் சில மணி நேர வேலை. 45 ஆயிரம் சொன்னவர் இவற்றைக் கேட்டிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். கேட்காத கேள்விகள் மூன்றாவது வாரத்தில் ஒவ்வொன்றாக வரும்; அப்போது "இது பேசினதில் இல்லை" என்ற பேச்சும் வரும்.

இன்னொன்றையும் பலர் மறந்துவிடுகிறார்கள். உங்களுக்கு வேண்டியது ஓர் ஆப் அல்ல, மூன்று. வாடிக்கையாளருக்கு ஒன்று, பால் போடுபவருக்கு ஒன்று, புது வீட்டைச் சேர்க்கவும் விலையை மாற்றவும் பாக்கி யாரிடம் என்று பார்க்கவும் உங்களுக்கு ஒன்று. கண்ணில் படாத அந்த மூன்றாவதுதான் பெரும்பாலும் அதிக நேரத்தை விழுங்கும்.

இப்போது மணிக்கணக்கில் போட்டுப் பார்ப்போம். இது ஆண்ட்ராய்டுக்கு மட்டும், அனுபவமுள்ள ஒருவர் செய்தால் ஆகும் நேரம் என்று நான் போடும் கணக்கு. ஓடிபியுடன் உள்நுழைவு 12 மணி நேரம். தினசரி அளவு, நிறுத்தம், மாற்றம் எல்லாம் சேர்த்து 32. மாத பில் 16. பால் போடுபவரின் திரை 24. உங்கள் நிர்வாகப் பக்கம் 40. நினைவூட்டல் செய்திகள் 8. பணம் கட்டுவதற்கு மட்டும் ஒரே எண்ணைச் சொல்ல எனக்குத் துணிவில்லை. எல்லாம் ஒழுங்காக நடந்தால் 16, வழக்கமாக 24, மோசமாகப் போனால் 56. இப்படி அகலமாகப் பிரியும் வேலைக்கு, வழக்கமான எண்ணுக்கு நான்கு பங்கு எடை கொடுத்துச் சராசரி பார்ப்பது பழைய வழி:

```
(16 + 4×24 + 56) ÷ 6 = 28
```

மோசமாகப் போவது எப்படி என்றால், வாடிக்கையாளரின் வங்கியிலிருந்து பணம் போய்விடும், சரியாக அந்த நொடியில் அவர் போனில் இணையம் அறுந்துவிடும். ஆப் "கட்டவில்லை" என்று காட்டும். அவர் மறுபடியும் கட்டுவார். பணம் வந்ததைப் போனிடம் கேட்காமல், பணப் பரிமாற்ற நிறுவனம் நேரடியாக சர்வருக்கு அனுப்பும் தகவலை வைத்து முடிவு செய்தால்தான் இது தீரும். விலை சொல்பவரிடம் இந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்லி, எப்படிக் கையாள்வீர்கள் என்று கேளுங்கள். பதில் தயாராக இருந்தால் அவர் இந்த வேலையை முன்பே செய்தவர்.

மொத்தம் 160 மணி நேரம். சோதனை, பிழை திருத்தம், ஆப்பை வெளியிடுவது ஆகியவற்றுக்கு 40 சேர்த்தால் 200. இந்த 40ஐக் குறைத்து விலை பேசாதீர்கள். மணிக்கு 800 ரூபாய் என்று வைத்தால் 1.6 லட்சம். 2 லட்சம் சொன்னவர் நியாயமான எல்லைக்குள்தான் இருக்கிறார். 45 ஆயிரத்துக்கு இதே கூலியில் சுமார் 56 மணி நேரம்தான் கிடைக்கும். ஏற்கெனவே செய்த ஓர் ஆப்பைப் பெயர் மாற்றித் தருகிறார் என்றால் அது தவறில்லை. ஆனால் அதை வெளிப்படையாகச் சொல்லி, ஓடும் நிலையில் காட்ட வேண்டும். 5 லட்சம் சொன்னவர் ஐபோனையும் பல கிளைகளையும் சேர்த்திருக்கக்கூடும், கேட்டுப் பாருங்கள்.

நாள் கணக்கு வேறு. தனியாக வேலை செய்பவருக்கு வேறு வாடிக்கையாளர்களும் உண்டு. உங்களுக்கு வாரம் 25 மணி நேரம் கிடைத்தால் 200 மணி நேரம் எட்டு வாரம். அதற்கு மேல் அவர் கையில் இல்லாத காத்திருப்பு வரும். 2023 நவம்பர் 13க்குப் பிறகு தனிநபர் பெயரில் தொடங்கிய கூகுள் பிளே கணக்கு என்றால், குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதித்த பிறகுதான் பொது வெளியீட்டுக்கு விண்ணப்பிக்க முடியும். ஓடிபி எஸ்எம்எஸ் அனுப்ப, தொலைத்தொடர்பு நிறுவனங்களிடம் செய்யும் டிஎல்டி என்ற பதிவும் செய்தி வாசகத்துக்கு ஒப்புதலும் வேண்டும். பணப் பரிமாற்றக் கணக்குக்கு உங்கள் ஆவணங்களைச் சரிபார்ப்பார்கள். இவற்றை முதல் வாரத்திலேயே தொடங்கினால் பதினொன்று, பன்னிரண்டு வாரத்தில் முடியும். கடைசியில் தொடங்கினால் ஒரு மாதம் கூடும். கூகுள் பிளே கணக்கை உங்கள் பெயரிலேயே திறந்துகொள்ளுங்கள்; ஒரு முறை 25 டாலர். ஐபோனுக்கு ஆண்டுதோறும் 99 டாலர்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் முதல் பதிப்பில் பணம் கட்டும் வசதியை வைக்க மாட்டேன். பில்லின் அடியில் உங்கள் யுபிஐ க்யூஆர் படம் போதும். வந்த பணத்தை நீங்களே குறித்துக்கொள்ளுங்கள். 300 வீடுகளுக்கு அது மாதத்தில் சில மணி நேர வேலை, மிச்சம் 28 மணி நேரக் கூலி, அதாவது 22,400 ரூபாய். ஓடிபிக்குப் பதிலாக வீட்டுக்கு ஒரு ரகசிய எண்ணை நீங்களே கொடுத்துவிட்டால் டிஎல்டி பதிவும் எஸ்எம்எஸ் செலவும் இல்லை. பால் நிறுத்தமும் பில்லும் இரண்டு மாதம் தவறில்லாமல் ஓடிய பிறகு மற்றதைச் சேர்க்கலாம்.

ஒப்பந்தத்தில் இரண்டு விஷயங்களில் பிடிவாதமாக இருங்கள். முதலாவது, பணத்தைத் தேதிக்குக் கொடுக்காமல், ஓடுவதற்குக் கொடுப்பது. உங்கள் போனில் பத்து வீடுகளுக்கு நிறுத்தம் வேலை செய்தால் ஒரு தவணை. பால் போடுபவர் ஒரு வாரம் உண்மையான லைனில் பயன்படுத்தினால் அடுத்தது. இரண்டாவது, மூல நிரல் முதல் நாளிலிருந்து, நிரல்களை இணையத்தில் சேமித்து வைக்கும் கிட்ஹப் தளத்தில் உங்கள் கணக்கில் சேர வேண்டும். பதிப்புரிமை உங்களுக்கு மாறுகிறது என்று அவர் கையெழுத்திட்டுத் தர வேண்டும். நம் சட்டப்படி வெளியாள் எழுதிய நிரலின் உரிமை, காசு கொடுத்ததாலேயே உங்களுக்கு வந்துவிடாது. எழுத்தில் மாற்றித் தந்தால்தான் வரும். எனக்குத் தெரிந்த மருந்துக் கடைக்காரர் ஒருவர் இதைக் கேட்காமல் விட்டார். டெவலப்பர் வெளிநாட்டு வேலைக்குப் போனதும் ஒரு விலையைக்கூட மாற்ற முடியாமல், முழு ஆப்பையும் இன்னொருவரிடம் முதலிலிருந்து செய்துகொண்டார்.

வெளியிட்ட பிறகும் செலவு நிற்காது. புதிய ஆண்ட்ராய்டு பதிப்புக்கு ஏற்ப ஆப்பைப் புதுப்பிக்கும்படி கூகுள் ஆண்டுதோறும் கேட்கும். சர்வர் வாடகை தவிர ஆண்டுக்கு 20 மணி நேரக் கூலியை, அதாவது 16 ஆயிரம் ரூபாயை, இப்போதே ஒதுக்கிவையுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது: மேலே கேட்ட நிறுத்தக் கேள்விகளுக்கு உங்கள் பதிலை ஒரு பக்கத்தில் எழுதி, அதே பக்கத்தை மூவருக்கும் அனுப்பி, ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாக மணி நேரம் போட்டுத் தரச் சொல்லுங்கள்.