12ஆம் இலக்கம் வெளியே, 30ஆம் இலக்கம் உள்ளே: பிழை எங்கே?

கேள்வி: மண்டூர்ப் பக்கம் ஒரு பாடசாலையில் இலவச மருத்துவ முகாம் வைக்கிறோம். இரண்டு டொக்டர்மார் வருகிறார்கள். போன முறை இலக்கத் துண்டு கொடுத்தும் சண்டை வந்தது. 12ஆம் இலக்கக்காரர் வெளியே இருக்க, 30ஆம் இலக்கக்காரர் டொக்டரிடம் போய்விட்டார். இந்த முறை டீவியில் இலக்கம் காட்ட நினைக்கிறோம். மென்பொருள் வாங்க வேண்டுமா?

பதில்: மென்பொருள் வேண்டாம். டீவி பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் பிரஷரும் சீனியும் பார்க்கும் மேசையைக் கவனியுங்கள், வரிசை அங்கேதான் குழம்பியிருக்கும்.

ஒரு டொக்டர் ஓராளைப் பார்க்க 5 நிமிடம் என்று வைத்தால், இருவரும் சேர்ந்து மணிக்கு 24 பேரைப் பார்ப்பார்கள். பிரஷர் பார்த்து, விரல் நுனியில் குத்திச் சீனி பார்த்து, துண்டில் எழுத ஓராளுக்கு 4 நிமிடமாவது போகும். மேசை ஒன்றென்றால் மணிக்கு 15 பேர்தான் முடிவார்கள். அப்போது டொக்டர் சும்மா இருப்பார், வாசலில் நிற்கும் தொண்டர் "ஆர் ரெடி?" என்று கேட்டுக் கண்ணில் பட்டவரை உள்ளே விடுவார். அம்பாறைக் கரையோரத்தில் நான் நடத்திய முதல் முகாமில் அந்தத் தொண்டர் நானேதான். வெள்ளனவே வந்து பொறுமையாக இருந்த வயதான ஆக்கள் கடைசியாகப் போனார்கள். அது இன்னும் மனதில் உறுத்துகிறது.

அதனால் அளக்கும் மேசை இரண்டு போடுங்கள். மணிக்கு 30 பேர் முடிவார்கள், டொக்டர்மார் காத்திருக்கத் தேவையில்லை. அளந்து முடித்தவர்களுக்கு டொக்டர் அறை வாசலில் ஆறு கதிரை வையுங்கள். அந்த ஆறு பேரில் சிறிய இலக்கக்காரர்தான் அடுத்து உள்ளே போகவேண்டும். டொக்டருக்கு ஒரு வரிசை என்று பிரிக்கவும் வேண்டாம். ஒரே வரிசையில் இருந்து, எந்த டொக்டர் ஓய்கிறாரோ அவரிடம் அனுப்புங்கள். பிரித்தால் ஒரு பக்கம் வேகமாகப் போக, மறுபக்கம் கோபம் வரும்.

வெறுவயிற்றுச் சீனி பார்க்க வருபவர்கள் எட்டு மணித்தியாலமாவது சாப்பிடாமல் வந்திருப்பார்கள். காலையில் முதல் வேலையாக அவர்களுக்கு மட்டும் சீனியை அளந்து, துண்டில் எழுதிக் கொடுத்துச் சாப்பிட அனுப்புங்கள். டொக்டரிடம் தங்கள் இலக்கத்துக்கே வருவார்கள்.

எத்தனை துண்டு கொடுப்பது? 8.30இலிருந்து 12.30 வரை என்றால் 96 பேர் கணக்கு வரும். 85 துண்டோடு நிறுத்துங்கள், மிச்ச நேரம் அவசரத்துக்கு. நெஞ்சுநோ, மூச்சுமுட்டு என்று வருபவருக்குத் துண்டே தேவையில்லை, நேராக டொக்டரிடம். இதை வாசலில் பெரிதாக எழுதி ஒட்டிவிட்டால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். 86ஆவது ஆளிடம் துண்டு முடிந்ததென்று எட்டு மணிக்கே சொல்லிவிடுங்கள். பதினொரு மணிக்குச் சொன்னால்தான் பிரச்சினை. துண்டில் அன்றைய திகதி முத்திரை இருக்கட்டும். 6, 9 இரண்டுக்கும் கீழே கோடு போடுங்கள், தலைகீழாகப் பிடித்தாலும் குழப்பம் வராது.

சரி, டீவி. பவர்பொயிண்ட் போதும். `View` → `Slide Master` போய், இடப்பக்கத்தில் எல்லாவற்றுக்கும் மேலே உள்ள பெரிய சிலைட்டைத் தெரிந்து, `‹#›` என்று இருக்கும் சின்னப் பெட்டியை நடுவுக்கு இழுத்து, எழுத்தளவை 300 ஆக்குங்கள். பெட்டியையும் இலக்கம் முழுதாகத் தெரியும் அளவுக்குப் பெருப்பியுங்கள். பிறகு `Close Master View` அழுத்தி வெளியே வந்து, `Insert` → `Slide Number` இல் அதே பெயருள்ள கட்டத்தில் சரி போட்டு `Apply to All`. வெற்றுச் சிலைட் 85 சேர்த்தால் ஒவ்வொன்றிலும் அதன் இலக்கமே தெரியும். வலப்பக்க அம்புக்குறியை அழுத்த அடுத்த இலக்கம் வரும். கரண்ட் போய் வந்தால் சிலைட் ஷோவைத் திறந்து `37` அடித்து `Enter` அழுத்துங்கள், 37க்கே போகும். இணையம் தேவையில்லை.

டீவியில் காட்டுவது, அளக்கும் மேசைக்கு எந்த இலக்கம் வரை வரலாம் என்பதை. "இப்போது இந்த இலக்கம் வரை" என்று பக்கத்தில் ஒரு கடதாசியில் எழுதி ஒட்டுங்கள். வெயிலுக்குப் பாதிப்பேர் வேப்பமர நிழலில்தான் இருப்பார்கள், அவர்களுக்கு டீவி தெரியாது. அங்கே ஒரு கரும்பலகையை வைத்து, ஒரு பிள்ளையை இலக்கத்தை மாற்றி மாற்றி எழுதச் சொல்லுங்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்காக மைக்கிலும் கூப்பிட வேண்டும், "முப்பத்தேழு, மூன்று ஏழு" என்று இரண்டு விதமாக.

மூன்று முறை கூப்பிட்டும் வராதவரின் இலக்கத்தை ஒரு கொப்பியில் எழுதிவிட்டு அடுத்தவரை எடுங்கள். அவர் திரும்பி வந்தால் இரண்டு பேருக்குப் பிறகு விடுங்கள். கழிப்பறைக்குப் போய்வந்த அம்மாவை வரிசையின் கடைசிக்கு அனுப்ப வேண்டாம். இந்த விதியையும் காலையில் மைக்கில் ஒருதரம் சொல்லிவிடுங்கள், அப்புறம் 38ஆம் ஆள் முகம் சுழிக்கமாட்டார்.

வாசல் ஆறு கதிரையிலும் யாரும் இல்லாவிட்டால் அளக்கும் மேசை பிந்துகிறது, அங்கே ஒருவரைக் கூட்டுங்கள். கதிரை நிரம்பி ஆக்கள் நிற்கிறார்கள் என்றால் டீவியில் இலக்கத்தைக் கொஞ்ச நேரம் நகர்த்தாமல் வையுங்கள்.