வி.பி.என். போட்டதும் வீட்டு பிரிண்டர் ஆஃப்லைன் என்று காட்டுகிறது, நிறுத்தினால் சரியாகிவிடுகிறது. ஏன்?

விண்டோஸ் மடிக்கணினி, வயர்கார்டு வி.பி.என். என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பிரிண்டரில் பழுது இல்லை. எனக்கு இது வந்தபோது அலுவலக உதவி மையம் டிரைவரை அழித்து மறுபடி நிறுவச் சொன்னது. கைப்பேசியிலிருந்து அதே பிரிண்டரில் பக்கம் அச்சாகிறதே என்றேன். "எதற்கும் ஒருமுறை செய்துவிடுங்கள்" என்றார்கள். இன்றும் எரிச்சலாக இருக்கிறது.

முதலில் பிரிண்டரின் முகவரிக்குத் தட்டிப் பாருங்கள். என்னுடையது இது:

```
ping 192.168.1.50
```

வி.பி.என். நின்றிருந்தபோது உடனே பதில் வந்தது, ஓடும்போது வரவில்லை. அமைப்புக் கோப்பைத் திறந்தால் காரணம் தெரியும்:

```
AllowedIPs = 0.0.0.0/0
```

எல்லாப் போக்குவரத்தும் டனல் எனப்படும் வி.பி.என். சுரங்கத்துக்குள் போகட்டும் என்று பொருள். ஆனால் வீட்டு நெட்வொர்க்கான 192.168.1.0/24 இதைவிடக் குறிப்பான வழி. குறிப்பான வழிக்கே முன்னுரிமை என்பதால் பிரிண்டருக்கு நேராகத்தான் போக வேண்டும். போகவிடாமல் மறிப்பது வேறொன்று. விண்டோஸில் இந்த வரியைக் கண்டதும் வயர்கார்டு ஒரு ஃபயர்வால் தடையையும் சேர்த்தே போடுகிறது. சுரங்கத்துக்கு வெளியே எதுவும் போகக் கூடாது என்ற அந்தத் தடையில் உங்கள் பிரிண்டரும் சிக்கிக்கொள்கிறது.

டனலைத் திருத்தும் பெட்டியின் அடியில் `Block untunneled traffic` என்று ஒரு தேர்வு இருக்கும். அதிலுள்ள டிக்கை எடுத்தால் மேலே உள்ள வரி தானாக இப்படி மாறும்:

```
AllowedIPs = 0.0.0.0/1, 128.0.0.0/1
```

இரண்டு பாதிகளும் சேர்ந்தால் மொத்த இணையமும் அடங்கிவிடும். இணையப் போக்குவரத்து முன்போலவே சுரங்கத்தில்தான் போகும். தடை மட்டும் விலகும்.

'பாதுகாப்பையே கழற்றச் சொல்கிறாயே' என்று யாராவது வருவார்கள். வீட்டில் செய்யத்தான் சொல்கிறேன். பொது வைஃபையில் அதே நெட்வொர்க்கில் இருக்கும் அந்நியர்களுக்கும் உங்கள் கணினி தெரியும். அங்கே டிக் இருக்கட்டும். அலுவலகம் தந்த கோப்பு என்றால் நிர்வாகியைக் கேட்காமல் தொடாதீர்கள். சில நிறுவன வி.பி.என்.களில் உள்ளூர் அனுமதியைச் சர்வர் பக்கமே தீர்மானிக்கிறது. அங்கே உங்கள் டிக்கால் ஒன்றும் ஆகாது.

பிங்குக்குப் பதில் வந்தும் ஆஃப்லைன் என்றே காட்டினால், விண்டோஸ் பிரிண்டரைப் பெயரை வைத்துத் தேடுகிறது, அந்தத் தேடல் சுரங்கம் ஓடும்போது தடுமாறுகிறது என்று கொள்ளலாம். டி.சி.பி./ஐ.பி. முகவரியைக் கொடுத்து பிரிண்டரைப் புதிதாகச் சேர்த்துவிடுங்கள். ரவுட்டரில் அந்த முகவரியை பிரிண்டருக்கென்றே ஒதுக்கிவையுங்கள். இல்லாவிட்டால் என்றாவது முகவரி மாறி, பழைய கதை திரும்பும்.

இத்தனையும் செய்து முடித்து நான் கொடுத்த முதல் பக்கம் கறுப்பு எழுத்து மட்டும் கொண்ட ஒரு கடிதம். நீல மை தீர்ந்துவிட்டது என்று சொல்லி அச்சிட மறுத்துவிட்டது. கறுப்புக்கு நீலம் எதற்கு என்று இதைச் செய்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.