லாஞ்ச் ஆப்ஷன் வரியில் எதை எழுதுவது, எதை அழிப்பது: கேள்வி பதில்

இன்று மாலை முழுக்க இருக்கிறேன். லினக்ஸில் ஒரு விண்டோஸ் விளையாட்டை ஸ்டீமின் புரோட்டான் அடுக்கு வழியாக ஓட்டுவது, எந்தப் புரோட்டானைத் தேர்வது, லாஞ்ச் ஆப்ஷன் வரியில் என்ன எழுதுவது: என் எல்லை இவ்வளவுதான். கேட்பவர்கள் அந்த வரியில் இப்போது இருப்பதை அப்படியே ஒட்டுங்கள். பாதி நோய் அங்கேதான் இருக்கும்.

மூன்றாம்பிறை: விண்டோஸில் 80 பிரேம் கொடுத்த விளையாட்டு லினக்ஸில் 22-ஐத் தாண்டவில்லை. கார்டு நல்ல கார்டுதான். என் வரி இது:

```
PROTON_USE_WINED3D=1 DXVK_ASYNC=1 PROTON_NO_ESYNC=1 gamemoderun %command% -dx11
```

பதில்: இது நான்கு பேர் நான்கு காலத்தில் எழுதிய வரி. நீங்கள் ஒன்றாகத் தைத்திருக்கிறீர்கள். பிரித்துப் பார்ப்போம்.

முதல் சொல்லே குற்றவாளி. டைரக்ட்எக்ஸ் 11-ஐ வல்கனுக்கு மொழிபெயர்ப்பது டிஎக்ஸ்விகே. புரோட்டான் இயல்பாக அதைத்தான் எடுத்துக்கொள்ளும். `PROTON_USE_WINED3D=1` என்று எழுதினால் அதை ஒதுக்கிவிட்டு, ஓப்பன்ஜிஎல் வழியாகப் போகும் பழைய பாதைக்கு மாறிவிடும். வல்கனே ஓடாத பழைய கார்டு வைத்திருப்பவருக்கு அது ஊன்றுகோல். உங்களுக்கு அது கால்கட்டு.

டிஎக்ஸ்விகேயை முதல் சொல்லில் வெளியே அனுப்பிவிட்டு, இரண்டாம் சொல்லில் அதற்குக் கட்டளை போடுகிறீர்கள். கேட்க ஆளில்லை. மூன்றாவது, பழைய கெர்னல் காலத்து மருந்து. 5.16-லிருந்து கெர்னலில், ஈசிங்கின் வாரிசான எஃப்சிங்குக்குத் தேவையான வசதி இருக்கிறது. புரோட்டான் ஈசிங்குக்கு முன் அதைத்தான் எடுக்கும். ஈசிங்கை மட்டும் அணைத்தால் எதுவும் மாறாது. இரண்டையும் அணைத்துச் சோதிக்க வேண்டிய நாள் வந்தால் `PROTON_NO_FSYNC=1` என்பதையும் சேர்க்க வேண்டும். அந்த நாள் அபூர்வம்.

`gamemoderun` தீங்கு செய்யாது. முக்கியமாகச் சிபியுவை முழு வேகத்தில் நிறுத்திவைக்கும். ஆனால் கேம்மோட் நிறுவப்படாத கணினியில் இந்தச் சொல் இருந்தால் விளையாட்டு திறக்கவே திறக்காது. கடைசியில் உள்ள `-dx11` புரோட்டானுக்கு உரியதல்ல. `%command%`-க்கு முன்னால் இருப்பவை சூழலுக்கும் துணை நிரல்களுக்கும்; பின்னால் இருப்பவை விளையாட்டுக்கே போகும். அன்ரியல் எஞ்சினில் செய்த பல விளையாட்டுகள் `-dx11`-ஐப் புரிந்துகொள்ளும். மற்றவை பெரும்பாலும் கண்டுகொள்ளாது.

எல்லாவற்றையும் அழியுங்கள். இதை மட்டும் போட்டு ஒருமுறை ஓட்டிவிட்டு வந்து சொல்லுங்கள்:

```
DXVK_HUD=devinfo,fps,compiler %command%
```

இடது மேல்மூலையில் கார்டின் பெயர் வரவேண்டும். அங்கே `llvmpipe` என்று வந்தால் படத்தை வரைவது சிபியு. டிரைவர் சரியாக அமையவில்லை என்று பொருள். 32 பிட் விளையாட்டுகளில் இது வந்தால் 32 பிட் வல்கன் டிரைவர் விட்டுப்போயிருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். எழுத்தே வரவில்லை என்றால் விளையாட்டு டைரக்ட்எக்ஸ் 12-இல் ஓடிக்கொண்டிருக்கலாம். அதை மொழிபெயர்ப்பது விகேடி3டி-புரோட்டான் என்ற வேறொரு அடுக்கு; `DXVK_HUD` அங்கே செல்லாது.

புதுவரவு: புரோட்டானுக்கு விண்டோஸ் உரிமம் வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். அதில் விண்டோஸ் இல்லை.

கடைசிபெஞ்சு: நான் `PROTON_LOG=1` என்று மட்டும் எழுதினேன். பதிவுக் கோப்பே உருவாகவில்லை. புரோட்டான் பழுதா?

பதில்: `%command%` எங்கே? அது இல்லாவிட்டால் நீங்கள் எழுதிய முழுவதையும் ஸ்டீம் விளையாட்டின் வாலில் ஒட்டிவிடும். விளையாட்டு அதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கும். பிழைச்செய்தியும் வராது. `PROTON_LOG=1 %command%` என்று எழுதினால் உங்கள் ஹோம் அடைவில் `steam-` என்று தொடங்கி விளையாட்டின் எண்ணுடன் `.log` என முடியும் கோப்பு வரும். வேலை முடிந்ததும் எடுத்துவிடுங்கள். அந்தக் கோப்பு விறுவிறுவென்று பெருக்கும்.

இருவட்டு: விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில். விளையாட்டுகள் என்டிஎஃப்எஸ் வட்டில் இருக்கின்றன. இரண்டு முறை பதிவிறக்க மனமில்லை. பிளே அழுத்தினால் மூன்று விநாடி ஸ்டாப் என்று காட்டிவிட்டு மறுபடி பிளே ஆகிறது. எந்த லாஞ்ச் ஆப்ஷன் போடலாம்?

பதில்: எதைப் போட்டாலும் தீராது. ஒவ்வொரு விளையாட்டுக்கும் புரோட்டான் ஒரு குட்டி விண்டோஸ் மரத்தை `steamapps/compatdata` அடைவுக்குள் கட்டுகிறது. அதில் `dosdevices` என்ற அடைவில் `c:` என்ற பெயரிலேயே ஓர் இணைப்பு இருக்கும். விண்டோஸ் கோப்புப் பெயரில் முக்காற்புள்ளியை அனுமதிப்பதில்லை. என்டிஎஃப்எஸ் வட்டில் அந்த இணைப்பு உருவாகாமல் போகலாம்; உருவானால் விண்டோஸ் பக்கத்து வட்டுச் சோதனை அதைப் பழுது என்று எடுத்துக்கொள்ளலாம்.

விளையாட்டை எக்ஸ்ட்4 வட்டுக்கு மாற்றுவதுதான் நேர்வழி. இடமில்லை என்றால் `compatdata` அடைவை மட்டும் லினக்ஸ் வட்டுக்கு நகர்த்தி, பழைய இடத்தில் ஓர் இணைப்பை வையுங்கள். என்டிஎஃப்எஸ்ஸின் மற்ற தொல்லைகள் அப்போதும் இருக்கும். நானும் ஓராண்டு அப்படி ஓட்டியவன்தான். ஒரு திடீர் மின்வெட்டுக்குப் பிறகு விட்டுவிட்டேன்.

இன்னொன்று, எல்லோருக்கும்: `compatdata`-வை அழிப்பதற்கு முன் சேமிப்புகளை நகல் எடுங்கள். பல விளையாட்டுகள் உங்கள் சேமிப்பை அந்த மரத்தின் `pfx/drive_c/users/steamuser` கிளையில்தான் வைக்கின்றன. கிளவுடில் இருக்கும் என்று நம்பி அழித்தவர்களின் அழுகையைப் போதுமான அளவு கேட்டுவிட்டேன்.

திரைச்சீலை: விளையாட்டு நன்றாக ஓடுகிறது. கதைக் காட்சி வரும் இடங்களில் மட்டும் வண்ணப் பட்டைகள் தெரிகின்றன, தொலைக்காட்சி நிலையம் மூடிய பிறகு வருமே, அதுபோல.

பதில்: நல்ல கேள்வி, தகுந்த விவரத்தோடு வந்திருக்கிறீர்கள். அந்தப் பட்டை, காணொளியைப் பிரித்துக்காட்ட இயலாதபோது புரோட்டான் வைக்கும் மாற்றுப் படம். உங்கள் கார்டிலோ டிரைவரிலோ குறையில்லை. ஸ்டீமுக்கு வெளியே ஆர்வலர்கள் உருவாக்கும் ஜிஇ-புரோட்டானை எடுக்கச் சரியான காரணம் இதுதான்; அதில் காணொளிக்கான கூடுதல் வேலைகள் செய்திருக்கிறார்கள். பிரித்தெடுத்து `compatibilitytools.d` அடைவில் வைத்து, ஸ்டீமை மூடித் திறந்தால், விளையாட்டின் `Properties` பக்கத்தில் `Compatibility` என்ற இடத்தில் பெயர் தெரியும்.

என் வரிசை எப்போதும் இதுதான்: முதலில் ஸ்டீம் தானாகத் தரும் நிலையான புரோட்டான். அது சறுக்கினால் எக்ஸ்பெரிமென்டல். இதுபோன்ற குறிப்பான காரணம் கண்ணில் பட்டால் ஜிஇ. எல்லாவற்றுக்கும் எடுத்த எடுப்பில் ஜிஇ போடுவது தலைவலிக்கும் கால்வலிக்கும் ஒரே தைலம்.

நிழலாட்டம்: `DXVK_ASYNC=1`-ஐக் கிண்டல் செய்கிறீர்கள். நான்கு ஆண்டுகளாக எல்லா விளையாட்டிலும் போடுகிறேன். திக்கல் இல்லாமல் ஓடுவதே அதனால்தான்.

பதில்: கிண்டல் செய்யவில்லை, இறந்தவருக்குக் கடிதம் போடாதீர்கள் என்கிறேன். டிஎக்ஸ்விகேயின் அதிகாரப்பூர்வ வெளியீடு எதிலும் அந்தச் சொல்லுக்குப் பொருள் இருந்ததில்லை. அது வெளியார் போட்ட ஒட்டு. ஜிஇ-புரோட்டானில் ஒரு காலத்தில் இருந்தது, பிறகு நீக்கிவிட்டார்கள். 2022 நவம்பரில் வந்த டிஎக்ஸ்விகே 2.0 வேறு வழியைப் பிடித்தது: ஷேடரை வரையும் நொடியில் தொகுக்காமல், விளையாட்டு அதை ஏற்றும்போதே பெரும்பகுதியைத் தொகுத்துவிடுவது. உங்களுக்குத் திக்காமல் ஓடுவதற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும்.

பாதிநிலவு: அந்தப் புது வழிக்கு டிரைவரில் வல்கன் நீட்சி ஒன்று வேண்டும். என் பழைய கார்டின் டிரைவரில் அது இல்லை. ஒட்டுப்போட்ட டிஎக்ஸ்விகேயை நானே வைத்துப் பார்த்தேன். வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது.

பதில்: ஒப்புக்கொள்கிறேன். உங்கள் கணினியில் அது உண்மையாக வேலை செய்யும், ஏனென்றால் ஒட்டுப்போட்ட கோப்பு உங்களிடம் இருக்கிறது. நிழலாட்டத்திடம் சொல் மட்டும்தான் இருக்கிறது. வேறுபாட்டை எப்படி அறிவது? ஒட்டு வேலை செய்தால், புது இடத்துக்குள் நுழையும்போது ஒரு சுவரோ புகையோ சில பிரேம்களுக்குக் காணாமல் போய்ப் பிறகு தோன்றும். ஷேடர் தயாராகும்வரை அந்தப் பொருளை வரையாமல் விடுவதுதான் அதன் தந்திரம்.

நிழலாட்டம்: எனக்குப் பொருள்கள் காணாமல் போனதில்லை.

பதில்: சொன்னேனே.

நிழலாட்டம்: என் கார்டு வேகமானது, அதனால் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம்.

பாதிநிலவு: ஒட்டுடன் இணைய விளையாட்டுகள் ஆடலாமா? தடை வரும் என்கிறார்கள்.

பதில்: தடை வாங்கிய ஒருவரையும் நான் பார்த்ததில்லை. ஆனால் சுவரை வரையாமல் விடும் ஒரு கோப்பை ஏமாற்றுத் தடுப்பின் கண்முன்னே வைக்க எனக்குத் துணிவில்லை. உங்கள் கணக்கு, உங்கள் முடிவு.

வேகத்தடை: ஏமாற்றுத் தடுப்பு உள்ள விளையாட்டு திறக்கவில்லை. எந்த லாஞ்ச் ஆப்ஷன்?

பதில்: எதுவுமில்லை. ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ இரண்டும் 2021-லிருந்து புரோட்டானில் ஓட வழி உண்டு; விளையாட்டைச் செய்தவர் அனுமதித்தால் மட்டும். அனுமதிக்காவிட்டால் நம் பக்கத்தில் செய்ய ஒன்றுமில்லை.

தூரிகை: ஏமாற்றுத் தடுப்பு விளையாட்டுக்கு ஜிஇ-புரோட்டான் போட்டால் ஓடுமா?

பதில்: மேலே பார்க்கவும்.

நாலாவதுஆள்: ஸ்டீமில் இல்லாத விளையாட்டுக்கு லூட்ரிஸில் `%command%` போட்டேன், பிழை வருகிறது.

பதில்: `%command%` ஸ்டீமுக்குள் மட்டும் உயிரோடிருக்கும் சொல். லூட்ரிஸில் சூழல் மாறிகளுக்குத் தனிப் பெட்டி இருக்கிறது. பெயரையும் மதிப்பையும் அங்கே எழுதுங்கள். அதற்கு மேல் லூட்ரிஸ் அறிந்தவரிடம் கேளுங்கள்.

கண்ணாடிமீன்: மாடு கோப்பு ஒன்று `dinput8.dll` என்ற பெயரில் வந்தது. விளையாட்டு அடைவில் வைத்தும் மாட் இயங்கவில்லை. இதை ஒரு பக்கத்திலிருந்து எடுத்து ஒட்டினேன்: `WINEDLLOVERRIDES=“dinput8=n,b” %command%`

பதில்: மாட்டைக் கண்டு ஒரு நொடி திகைத்தேன். உங்கள் வரி சரி, மேற்கோள் குறி தவறு. வளைந்த குறி அது. நேர்க்குறியாகத் தட்டச்சு செய்யுங்கள்:

```
WINEDLLOVERRIDES="dinput8=n,b" %command%
```

`n,b` என்றால் விளையாட்டு அடைவில் உள்ள கோப்பை முதலில் எடு, இல்லாவிட்டால் உன்னுடையதை எடு என்று புரோட்டானுக்குள் இருக்கும் வைனுக்குச் சொல்வது. இதுதான் நிரந்தரமாக வரியில் இருக்கத் தகுதியுள்ள சொல்.

மூன்றாம்பிறை: திரும்பி வந்துவிட்டேன். கார்டின் பெயர் சரியாக வருகிறது. 74 பிரேம். ஆனால் புதுப் பகுதிக்குள் போகும்போது ஓரிரு நொடி திக்குகிறது; அப்போது கீழ்மூலையில் ஷேடர் தொகுப்பதாக எழுத்து மின்னுகிறது. `DXVK_ASYNC` போடட்டுமா?

பதில்: மாலை முழுக்க என்ன பேசினோம்? அதே பகுதிக்கு இரண்டாம் முறை போய்ப் பாருங்கள். எழுத்து மின்னாமல், திக்காமல் ஓடினால் அது முதல் சந்திப்புத் தொகுப்பு; விட்டுவிடலாம். எழுத்தே மின்னாமல் அப்போதும் திக்கினால் ஷேடர் காரணமில்லை. வட்டையும் நினைவகத்தையும் பாருங்கள். கார்டு, டிரைவர் பதிப்பு இரண்டையும் எழுதுங்கள்.

மூன்றாம்பிறை: இரண்டாம் முறை திக்கவில்லை. மூன்றாம் முறை லேசாகத் திக்கியது. எழுத்து மின்னவில்லை.

பதில்: சரி, டிரைவர் பதிப்பு?

நிழலாட்டம்: ASYNC போட்டுப் பாருங்கள்.